அட்டவணைக்குள் அடைக்கப்பட்ட அத்தியாயம்

பொருளியல் பாடத்தில் விளையாட்டுக் கோட்பாடு என்ற அத்தியாயத்துக்கு இன்று ஒரே பக்கம்தான் மிச்சம். அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். வரிசைகளில் முதல் நிறுவனத்தின் உத்திகள், நிரல்களில் இரண்டாவது நிறுவனத்தின் உத்திகள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருவருக்கும் கிடைக்கும் ஆதாயம். எதிராளி ஒவ்வோர் உத்தியை எடுக்கும்போதும் நமக்கு அதிகம் தரும் எண்ணுக்குக் கீழே கோடு போட வேண்டும். இரண்டு எண்களுக்கும் கோடு விழுந்த கட்டம்தான் நாஷ் சமநிலை. கைடுகள் இதைத்தான் சொல்கின்றன, பயிற்சி மையங்களும் இதையே சொல்கின்றன. வகுப்பில் நிற்கும் நம்மில் பலரும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம்.

இப்படிச் சுருக்குவோரின் வாதம் அற்பமானதல்ல. அதை அவர்கள் சார்பில் முழுமையாகவே சொல்கிறேன். முதலாவதாக, முறை சரியானது. மற்றவர் மாறாத வரை தான் மட்டும் மாறி எவரும் லாபம் காண முடியாத நிலைதான் நாஷ் சமநிலை. அந்த வரையறையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் அடிக்கோடு. இரண்டு கோடு விழுந்த கட்டம் சமநிலையாக இல்லாமல் போகாது. கலப்பில்லாத உத்திகளில் இருக்கும் எந்தச் சமநிலையும் கோட்டிலிருந்து தப்பாது. இரண்டாவதாக, வகையீட்டுக் கணிதம் தெரியாத மாணவரும் இதைச் செய்துவிடலாம். மூன்றாவதாக, தேர்வில் வருவது இதுதான். நூறு பக்கம் படித்தவரும் ஒரு பக்கம் படித்தவரும் அந்தக் கேள்விக்கு ஒரே விடையைத்தான் எழுதப் போகிறார்கள். அப்படியானால் மீதிப் பக்கங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள்.

மீதிப் பக்கங்களில்தான் அத்தியாயம் இருக்கிறது என்பது என் வாதம். இதைத் தத்துவமாகச் சொல்லாமல், ஒரே சந்தையை எடுத்து எண்களோடு காட்டுகிறேன்.

பிரெஞ்சு அறிஞர் அந்துவான் ஒகுஸ்தான் கூர்னோ 1838-இல் வெளியிட்ட நூலில் வரும் சந்தை அது. ஒரே தரமான நீர் சுரக்கும் இரண்டு கனிம ஊற்றுகள். இரண்டுக்கும் வேறு வேறு உரிமையாளர்கள். நீர் தானாக ஊறுவதால் உற்பத்திச் செலவு இல்லை. எண்களை நான் வைத்துக்கொள்கிறேன். சந்தைக்கு வரும் பீப்பாய்களின் மொத்த எண்ணிக்கையை 96-இலிருந்து கழித்தால் வருவது ஒரு பீப்பாயின் விலை. இருவரும் சேர்ந்து 60 இறக்கினால் விலை 36. 96 இறக்கினால் விலை பூஜ்யம்.

1. அட்டவணையை வரைந்தது யார்?

அடிக்கோட்டு முறை தொடங்கும்போதே கட்டம் தயாராக இருக்கிறது. எந்த உத்திகள் வரிசையில் நிற்கும் என்பதைக் கேள்வி எழுதியவர் முடிவு செய்துவிட்டார். ஆனால் ஊற்றுக்காரரிடம் யாரும் கட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. அவர் 17 பீப்பாயும் இறக்கலாம், 41-உம் இறக்கலாம்.

ஒரு கைடு ஆசிரியர் 30, 40 என்ற இரண்டு அளவுகளை மட்டும் வைத்து இந்தச் சந்தைக்கு அட்டவணை போடுகிறார் என்று கொள்வோம். இருவரும் 30 இறக்கினால் விலை 36, ஆளுக்கு 1080. ஒருவர் 30, மற்றவர் 40 என்றால் விலை 26. முன்னவருக்கு 780, பின்னவருக்கு 1040. இருவரும் 40 என்றால் ஆளுக்கு 640. கோடு போட்டுப் பாருங்கள். எதிராளி 30 இறக்கினாலும் 40 இறக்கினாலும் நமக்கு 30-தான் நல்லது. ஆக (30, 30) கட்டத்தில் இரண்டு கோடுகள் விழுகின்றன. மாணவர் அதைச் சமநிலை என்று எழுதுகிறார், முழு மதிப்பெண்ணும் வாங்குகிறார்.

அந்தச் சந்தையில் அது சமநிலையே கிடையாது. எதிராளி 30 இறக்கும்போது நான் 33 இறக்கினால் விலை 33. எனக்கு 1089 கிடைக்கும். 1080-ஐ விட்டு நகர எனக்குக் காரணம் இருக்கிறது. அட்டவணையில் 33 இல்லாததால் அந்தக் காரணம் மறைந்துவிட்டது.

சரியான விடையை எடுக்க வகையீடு தேவையில்லை. எதிராளியின் அளவை 96-இலிருந்து கழித்தால் ஒரு மீதி வரும். அந்த மீதியில் என் பீப்பாய் எண்ணிக்கையும் விலையும் சேர்ந்துதான் அடங்க வேண்டும். என் லாபம் இந்த இரண்டின் பெருக்கல். கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கல், இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் உச்சத்தைத் தொடும் என்பது பள்ளிக் கணக்கு. ஆகவே மீதியில் பாதியை நான் இறக்க வேண்டும். எதிராளி 30 என்றால் நான் 33. நான் 33 என்றால் அவர் 31.5. அவர் 31.5 என்றால் நான் 32.25. இப்படியே போய் இருவரும் 32-இல் நிற்பார்கள்: 96-இலிருந்து 32 போக 64, அதில் பாதி 32. விலையும் 32, ஆளுக்கு 1024.

எதிராளியின் ஒவ்வோர் அளவுக்கும் என் சிறந்த பதில் எது என்ற இந்த விதிதான் அத்தியாயத்தின் முதுகெலும்பு. அடிக்கோடு என்பது அந்த விதி இரண்டு மூன்று இடங்களில் விழுந்த நிழல். விதியைத் தெரிந்தவர் அட்டவணையைத் தானே வரைந்துகொள்வார், தவறான அட்டவணையையும் கண்டுபிடித்துவிடுவார். அட்டவணை மட்டும் தெரிந்தவருக்கு அதைச் சோதிக்க வழியே இல்லை.

2. யார் முதலில் நகர்ந்தார்?

இந்த ஆட்சேபத்தில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். சுருக்கத்தின் மோசமான சேதம் இங்கேதான். இப்போது குறையில்லாத ஓர் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். 32 அதில் இருக்கிறது. கூட்டுச் சேர்ந்து முற்றுரிமை விலை வைத்தால் ஆளுக்கு வரக்கூடிய 24-உம் இருக்கிறது. தனி முற்றுரிமையாளர் இறக்கும் 48-உம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் முதலாமவருக்கு, அடுத்தது இரண்டாமவருக்கு.

| முதலாமவர் ↓ இரண்டாமவர் → | 24 | 32 | 48 |
|---|---|---|---|
| 24 | 1152, 1152 | 960, 1280 | 576, 1152 |
| 32 | 1280, 960 | 1024, 1024 | 512, 768 |
| 48 | 1152, 576 | 768, 512 | 0, 0 |

கோடு போட்டால் (32, 32) மட்டும் தேறும். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்டத்தைக் கரும்பலகையில் போட்டு விடை வந்த பிறகு, ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினேன். "முதலாமவர் இறக்கிய பீப்பாய்களை இரண்டாமவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் அளவை முடிவு செய்கிறார்" என்றேன். எண்கள் எதையும் தொடவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அதே கட்டம்தானே சார், அதே விடைதான்" என்றாள். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. நன்றாகப் படிக்கிற பெண். சொல்லிக்கொடுத்த முறையை அவள் பிழையில்லாமல் பின்பற்றினாள். பிழை முறையில் இருந்தது.

அட்டவணையை இப்போது பின்னாலிருந்து படிக்க வேண்டும். முதலாமவர் 24 இறக்கினால் இரண்டாமவருக்கு 32 நல்லது (1280). முதலாமவருக்கு 960 மிஞ்சும். முதலாமவர் 32 இறக்கினால் இரண்டாமவரும் 32, முதலாமவருக்கு 1024. முதலாமவர் 48 இறக்கிவிட்டால்? இரண்டாமவருக்கு 24 இறக்கினால் 576, 32 என்றால் 512, 48 என்றால் ஒன்றுமில்லை. அவர் 24-க்கு ஒதுங்குவார். முதலாமவருக்கு 1152. ஆக முதலாமவர் 48-ஐ எடுப்பார். ஆட்டம் (48, 24)-இல் முடியும். அந்தக் கட்டத்தில் முதலாமவரின் எண்ணுக்குக் கீழே கோடே கிடையாது. அடிக்கோட்டு முறை கழித்துக்கட்டிய கட்டம்தான் விடை. ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டாக்கல்பெர்க் 1934-இல் எழுதியது இதைத்தான். கூர்னோ ஒரு பக்கத்திலும் ஸ்டாக்கல்பெர்க் இன்னொரு பக்கத்திலும் தனித்தனிச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்யப்படுவதற்குக் காரணம், இரண்டும் ஒரே எண்கள்மேல் நடக்கும் இரண்டு ஆட்டங்கள் என்பதை அட்டவணை காட்டாததுதான்.

அந்த மாணவி சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். "இரண்டாமவர் 24 என்று முடிவு செய்ததும் முதலாமவர் 32-க்கு இறங்கிவிட்டால் 1280 வருமே சார், ஏன் 48-இலேயே நிற்க வேண்டும்?"

அந்த அத்தியாயத்தில் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி அதுதான். முதலாமவரால் பின்வாங்க முடியும் என்று தெரிந்தால், 48-ஐ இரண்டாமவர் நம்பவே மாட்டார். நம்பாவிட்டால் ஒதுங்கவும் மாட்டார். 48-க்குப் பலம் வருவது, அதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான். பீப்பாய்கள் வண்டியேறிச் சந்தைக்குப் போய்விட்டன, அல்லது அத்தனை நீரையும் நிரப்பும் ஆலை கட்டி முடிந்து பணம் மண்ணில் புதைந்துவிட்டது என்றால்தான் எதிராளி ஒதுங்குவார். தன் கையைத் தானே கட்டிக்கொள்வது லாபம் என்ற இந்தச் சிந்தனையைத் தாமஸ் ஷெல்லிங் 1960-இல் வெளிவந்த நூலில் விரித்து எழுதினார். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் 1970-களில் வெள்ளைப் பூச்சுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு உற்பத்தித் திறனைத் தேவைக்கு முந்தியே பெரிதாக்கியபோது, போட்டியாளர்களை ஒதுக்குவதற்கான வேலை இது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1978-இல் வழக்கெடுத்தது. 1980-இல் ஆணையமே அதைத் தள்ளுபடி செய்தது. ஆலை விரிவாக்கம் எப்படி ஒரு நகர்வாகும் என்று புரியாதவருக்கு அந்த வழக்கின் முதல் பத்தியே விளங்காது.

"வரிசைமுறை ஆட்டத்தையும் அட்டவணையாக எழுதலாமே" என்று ஒரு பதில் வரும். எழுதலாம். அப்போது இரண்டாமவரின் உத்தி ஒரு எண்ணாக இருக்காது. முதலாமவரின் மூன்று நகர்வுகளில் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வேன் என்ற முழுத் திட்டமாக இருக்கும். அப்படி 27 திட்டங்கள், மொத்தம் 81 கட்டங்கள். எல்லாவற்றிலும் கோடு போட்டாலும் நோய் தீராது. இரண்டாமவர் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்: "நீ 24 இறக்கினால் நான் 32. அதற்கு மேல் ஒரு பீப்பாய் போனாலும் நான் 48 இறக்குவேன், விலை பாழாகட்டும்." இதற்கு எதிராக முதலாமவருக்கு 24-இல் 960, 32-இல் 512, 48-இல் பூஜ்யம். ஆக 24-தான் அவருக்கு நல்லது. 24-க்கு 32 என்பது இரண்டாமவருக்கும் நல்லது. இரண்டு கோடுகளும் விழுந்துவிட்டன. நாஷ் சமநிலையின் வரையறைப்படி இது சமநிலைதான்.

ஆனால் அந்த மிரட்டல் வெற்று மிரட்டல். முதலாமவர் துணிந்து 48-ஐ இறக்கிவைத்துவிட்டால், சொன்னபடி செய்யும் இரண்டாமவருக்குக் கிடைப்பது பூஜ்யம், ஒதுங்கினால் 576. சொன்னதைச் செய்ய அவருக்கு எந்த நலனும் இல்லை. இந்த மாதிரிச் சமநிலைகளைக் களைந்தெடுக்கத்தான் ரைன்ஹார்ட் செல்ட்டன் 1965-இல், ஆட்டத்தின் ஒவ்வோர் உட்கிளையிலும் உத்தி அறிவுக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தார். 1994-இல் நாஷோடும் ஹர்சான்யியோடும் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உருப்படியான மிரட்டலையும் வெற்று மிரட்டலையும் அடிக்கோடு ஒரே மாதிரி குறிக்கிறது. சந்தைக்குள் நுழையும் புதுக் கடைக்காரரைப் பழையவர் "விலையை அடித்து நொறுக்குவேன்" என்று பயமுறுத்தும்போது, அது நடக்குமா நடக்காதா என்பதுதான் பொருளியல் படித்தவரிடம் கேட்கப்படும் கேள்வி. நம் மாணவரிடம் அதற்குக் கருவி கிடையாது.

3. கோடே விழாத அட்டவணைக்கு என்ன பதில்?

"சமநிலை இல்லை" என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள். நானே திருத்தியிருக்கிறேன். வரம்புக்குட்பட்ட ஆட்டம் எதற்கும், கலப்பு உத்திகளை அனுமதித்தால், குறைந்தது ஒரு சமநிலையாவது உண்டு என்று ஜான் நாஷ் 1950-இல் நிறுவினார். அவர் பெயரால் அழைக்கப்படும் சமநிலையைத் தேடிவிட்டு, அவருடைய தேற்றத்துக்கே எதிரான விடையை எழுத வைக்கிறது இந்தச் சுருக்கம்.

ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் 20 ரூபாய், வித்தவுட்டில் பிடிபட்டால் அபராதம் 500, ஒரு பயணியைப் பரிசோதிக்க நிர்வாகத்துக்கு ஆகும் செலவு 10. எல்லாம் கணக்குக்காக வைத்த எண்கள். எல்லோரும் டிக்கெட் எடுத்தால் பரிசோதனை வீண். பரிசோதனை இல்லையென்றால் டிக்கெட் எடுப்பது வீண். யாரும் எடுக்கவில்லை என்றால் பரிசோதிப்பது லாபம். பரிசோதித்தால் எடுப்பதுதான் நல்லது. கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடும், ஒரு கட்டத்திலும் சேராது.

சமநிலை விகிதங்களில் இருக்கிறது. பயணிக்கு எடுப்பதும் எடுக்காததும் ஒன்றாகத் தோன்ற வேண்டுமானால், பிடிபடும் வாய்ப்பை 500-ஆல் பெருக்கினால் 20 வர வேண்டும். ஆகவே நூற்றில் நான்கு பேர் பரிசோதிக்கப்படுவார்கள். நிர்வாகத்துக்குப் பரிசோதிப்பதும் விடுவதும் ஒன்றாகத் தோன்ற வேண்டுமானால், நூறு பேரைப் பார்க்க ஆகும் 1000 ரூபாய் அபராதமாகத் திரும்பி வர வேண்டும். ஆகவே நூற்றில் இருவர் வித்தவுட்.

இப்போது டிக்கெட் விலையை 40 ஆக்குங்கள். வித்தவுட் பயணம் கூடும் என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்கு வேறு சொல்கிறது. பரிசோதனை நூற்றுக்கு எட்டாக உயரும். வித்தவுட் அதே இரண்டில் நிற்கும். பயணியின் விகிதத்தைத் தீர்மானிப்பது நிர்வாகத்தின் வரவு செலவு. நிர்வாகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது பயணியின் வரவு செலவு. இங்கே பயணிகள் எல்லோரும் காசுக் கணக்கு மட்டுமே பார்ப்பவர்கள் என்று கொண்டிருக்கிறோம்; பிடிபடுவதன் வெட்கத்தையும் ரூபாயாக்கிச் சேர்த்தால் எண்கள் மாறும். ஆனாலும் ஒருவரின் ஆதாயம் மாறும்போது அசைவது மற்றவரின் நடத்தை என்ற அந்தக் குறுக்குத் தொடர்பு அப்படியே இருக்கும். கோடு தேடிப் பழகிய கண்ணுக்கு இது தென்படவே தென்படாது.

4. தேர்வு இதைத்தானே கேட்கிறது?

தேர்வுத்தாளை எழுதுபவர்களும் நாம்தான். கட்டத்தை மட்டும் கற்பிப்பதால் கட்டத்தை மட்டும் கேட்கிறோம். கட்டத்தை மட்டும் கேட்பதால் கட்டத்தை மட்டும் கற்பிக்கிறோம். மாணவருக்குக் கணிதம் வராது என்ற காரணத்தையும் என்னால் ஏற்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் செய்ததெல்லாம் கழித்தல், பெருக்கல், பாதியாக்கல், இரண்டு இடத்தில் சதவீதம். தமிழில் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை எட்டாது என்று சொல்பவர்கள், பேருந்தில் சில்லறை எண்ணி வாங்கி வரும் அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் உட்கார்ந்து கவனித்ததில்லை.

அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வியும் பின்னால் இரண்டு கேள்விகளும் சேர்த்தால் போதும். மேலே உள்ள ஊற்றுச் சந்தையைக் கொடுத்து, அட்டவணையை மாணவரையே போடச் சொல்லுங்கள். கோடு போட்ட பிறகு, முதலாமவர் முந்திக்கொண்டால் விடை மாறுமா என்று கேளுங்கள். கடைசியாக, முதலாமவர் அனுப்பிய பீப்பாய்களில் சிலவற்றைத் திருப்பி எடுக்க முடியும் என்று இரண்டாமவருக்குத் தெரிந்தால் அவர் 24-க்கு ஒதுங்குவாரா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு வகுப்பு நேரம் போதுமானதாக இருந்தது. மூன்றாவது கேள்வியை நான் எழுதவில்லை, முதல் பெஞ்சிலிருந்து வந்தது.